“ஏசியிலதாம்மா வேலை, குளிருது!”

வெள்ளிக்கிழமை ராத்திரி எட்டரை மணி ஆனால் அத்தை வீட்டில் டிவியை அணைத்துவிடுவார்கள். புவனகிரிக்குப் பக்கத்தில், வெள்ளாற்றை ஒட்டிய சின்னக் கிராமம் அது. குவைத்தில் அப்போது மாலை ஆறு மணி. சரியாக அந்த நேரத்துக்கு அத்தை மகன் வீடியோவில் வருவான். பளிச்சென்ற சட்டை, சீவிய தலை, முகம் முழுக்கச் சிரிப்பு.

“நல்லா இருக்கேன்மா. ஏசியிலதான் வேலை. சில நேரம் குளிரு தாங்கல. சாப்பாட்டுக்குக் குறையே இல்ல. ரூம்ல நம்ம ஆளுங்களே நிறைய பேரு, பேச்சுத்துணைக்குப் பஞ்சமில்ல.”

2022 தொடக்கத்தில் போனவன் 2024 ஜூன் கடைசியில் திரும்பி வந்தான். சிதம்பரம் ரயில் நிலையத்துக்கு அவனை அழைத்துவரப் போனவன் நான். வீடு போய்ச் சேர்வதற்குள் அவன் சொன்னதைக் கேட்டபோதுதான் ஒன்று புரிந்தது. இரண்டரை வருடத்தில் அவன் அத்தையிடம் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை.

வேலை ஏசியில்தான். உறைந்த கோழிப் பெட்டிகளை அடுக்கும் குளிர்க்கிடங்கு அது. வெளியே ஐம்பது டிகிரியை நெருங்கும் வெயில், உள்ளே உறைபனி. ஒரு நாளில் எத்தனை முறை உள்ளே போய் வெளியே வந்தான் என்று அவனுக்கே கணக்கில்லை. சாப்பாட்டுக்கும் குறையில்லை. அரசு மானியத்தில் 50 பில்ஸுக்கு ஒரு கட்டு குப்பூஸ் கிடைக்கும். அதைத் தயிரில் தொட்டு இரண்டு வேளை சாப்பிட்டான். ரூமில் பேச்சுத்துணைக்குப் பஞ்சமில்லை என்றதும் நிஜம்தான். பலகைத் தடுப்பு போட்ட ஒரு அறையில் பன்னிரண்டு பேர். பளிச்சென்ற சட்டை மட்டும் அவனுடையதில்லை. வெள்ளிக்கிழமைக்கென்று அந்த அறையில் எல்லோரும் மாற்றிப் போட்டுக்கொண்ட சட்டை அது.

கடன் பேசவிடாது

போவதற்கு அவன் கட்டியது 1,30,000 ரூபாய். 80,000 மூன்று வட்டிக்கு வாங்கியது, மீதி அத்தையின் நகையை அடகு வைத்தது. அரசிடம் பதிவு பெற்ற முகவர் வாங்கக்கூடிய உச்சக் கட்டணமே 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான். அந்த உச்சவரம்பு அவனுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது.

கடையில் வேலை, மாதம் 120 தினார் என்று சொல்லி அனுப்பினார்கள். கையில் கொடுத்ததோ காதிம் விசா, அதாவது வீட்டு வேலைக்கான 20-ஆம் எண் விசா. கம்பெனி வேலைக்கு 18-ஆம் எண் விசா வேண்டும், அதைச் சூன் விசா என்பார்கள். காதிம் விசாவில் போனவர் விசா கொடுத்த கபீலின் வீட்டில்தான் வேலை செய்யலாம், வெளியே போனால் சட்டவிரோதம். அங்கே இறங்கியதும் தரகர் சொன்னது, “இது ஃப்ரீ விசா. வேலையை நீயே தேடிக்க. கபீலுக்கு வருஷத்துக்கு 300 தினார் கட்டிடு.” ஃப்ரீ விசா என்று சட்டத்தில் எதுவும் கிடையாது. அந்தப் பேச்சை நம்பி வெளியே கால் வைத்த நாளிலிருந்து பிடிபட்டால் சிறை என்ற பயம் அவனோடு கூடவே இருந்தது.

குளிர்க்கிடங்கில் அவனுக்குச் சம்பளம் 100 தினார். கபீலுக்காக மாதம் 25 ஒதுக்கவேண்டும். படுக்கைக்கு 15, சாப்பாட்டுக்கு 20. போன், சோப்பு எல்லாம் போக 35 தினார் அனுப்புவான். அன்றைய மதிப்பில் சுமார் 9,500 ரூபாய். மூன்று வட்டிக்கு 2,400 போய்விடும், அப்புறம் நகை வட்டி. அசலில் ஒரு ரூபாய் குறையவில்லை.

இந்தக் கணக்குதான் அவன் வாயைக் கட்டியது. உண்மையைச் சொன்னால் அத்தை, “கஞ்சி குடிச்சாலும் பரவால்ல, வந்துடு ராசா” என்பாள். வந்தால் கடனை அடைப்பது யார்? தங்கைக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த நேரம் வேறு. “அண்ணன் குவைத்துல இருக்கான்” என்ற ஒரு வார்த்தைக்காகவே வந்த வரன்கள் அவை. இரண்டாம் வருடம் கபீலுக்குப் பணம் கட்ட முடியாமல், அங்கே தங்குவதற்கான அனுமதியான அக்காமா முடிந்துபோனது. அந்த வெள்ளிக்கிழமையும் சிரித்துக்கொண்டுதான் பேசினான்.

அந்த ஜூன் 12

2024 ஜூன் 12 விடியற்காலை குவைத்தின் மங்காஃப் பகுதியில் தொழிலாளர்கள் தங்கியிருந்த கட்டடம் தீப்பிடித்தது. இறந்தவர்களில் பெரும்பாலோர் இந்தியர்கள். அவர்களில் ஏழு பேர் தமிழர்கள், ஒருவர் எங்கள் கடலூர் மாவட்டத்துக்காரர். தரைத்தளத்தில் மின்கசிவில் பிடித்த தீ அது. அறைகளைப் பிரிக்க வைத்திருந்த, எளிதில் எரியும் தடுப்புகளால் புகை மேலே பரவியது. மாடிக்கதவு பூட்டிக் கிடந்ததால் தப்பி ஏறியவர்களுக்கும் வழியில்லை.

டிவியில் செய்தி ஓடியதும் அத்தை போன் போட்டாள். எடுத்தவன், “நான் அந்தப் பக்கமே இல்லம்மா, எனக்கு ஒண்ணுமில்ல” என்று சிரித்தான். அதுவும் நிஜம்தான், அவன் வேறு பகுதியில் இருந்தான். ஆனால் போனை வைத்த பிறகு தன் அறையைச் சுற்றிப் பார்த்திருக்கிறான். அதே பலகைத் தடுப்பு, அதே பூட்டிய மாடிக்கதவு.

அக்காமா இல்லாதவர்கள் அபராதம் கட்டாமல் நாடு திரும்ப குவைத் அரசு அப்போது பொதுமன்னிப்பு அறிவித்திருந்தது. மார்ச் 17-இல் தொடங்கிய அந்தச் சலுகை ஜூன் 30 வரை நீட்டிக்கப்பட்டிருந்தது. பாஸ்போர்ட் கபீலிடம் மாட்டிக்கொண்டதால் இந்தியத் தூதரகத்துக்குப் போய் அவுட்பாஸ் வாங்கி, கடைசி வாரத்தில் விமானம் ஏறினான்.

எதைக் கேட்பது?

“நாங்க என்ன கேட்டிருந்தா நீ சொல்லியிருப்ப?” என்று பிறகொரு நாள் அவனைக் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தான்.

“நல்லா இருக்கியான்னு கேட்டா நல்லா இருக்கேன்னுதான் வரும். அக்காமா என்னைக்கு முடியுதுன்னு யாராச்சும் கேட்டிருந்தா மாட்டிக்கிட்டு இருப்பேன்.”

அவன் சொன்னதைப் பிடித்துக்கொண்டு யோசித்தால் கேட்கவேண்டியவை தெளிவாகவே இருக்கின்றன. பத்தாக்கா என்று அவர்கள் சொல்லும் அடையாள அட்டையின் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லவேண்டும். விசா எண் 18-ஆ, 20-ஆ? பாஸ்போர்ட் யார் கையில்? சம்பளம் பேங்கில் விழுகிறதா, கையில் தருகிறார்களா? போனைத் திருப்பி, படுக்கும் இடத்தைக் காட்டச் சொல்லலாம். இந்தக் கேள்விகளுக்குச் சிரித்து மழுப்ப முடியாது. பதிலில் தேதி வராமல், “அதெல்லாம் பாத்துக்கலாம்மா” என்று வந்தால் எங்கோ தடுக்கிறது என்று அர்த்தம்.

தெரிந்த பிறகு செய்யவும் வழி இருக்கிறது. வெளியுறவு அமைச்சகத்தின் 1800 11 3090 என்ற இலவச எண்ணில் பேசலாம். கடலூர் கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர் நாளில் மனு கொடுக்கலாம். இரண்டு இடத்திலும் முதலில் கேட்பது பாஸ்போர்ட் நகலும் விசா நகலும்தான். ஆள் கிளம்புவதற்கு முன்பே இரண்டையும் வீட்டுப் பெட்டியில் எடுத்து வைத்துவிடவேண்டும்.

அத்தை மகன் இப்போது புவனகிரியில் ஒரு ஹார்டுவேர் கடையில் இருக்கிறான். கடன் இன்னும் பாதி நிற்கிறது. போன மாதம் அடுத்த தெருப் பையனுக்கு விசா வந்தது. அந்தப் பையனின் அம்மா விஷயத்தைச் சொல்ல வந்தபோது, அத்தை மகன் தினசரிக் காலண்டர் தாளைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் ஒவ்வொரு கேள்வியாக எழுதிக் கொடுத்தான்.

“வெள்ளிக்கிழமை பேசுறப்ப இதைக் கையில வச்சுக்கங்க அக்கா” என்றான். “அவன் சிரிக்கிறானான்னு பாக்காதீங்க. தேதியைச் சொல்றானான்னு பாருங்க.”