பெயருக்குக் கூட்டலாம், கூட்டலுக்காகப் பெயரா?

ஆகஸ்ட் 14-ம் தேதி பிறந்த பெண் குழந்தைக்கு நிலா என்று பெயர் வைக்க வீட்டில் முடிவாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பிறந்த தேதியைக் கூட்டினால் 5. அதுதான் பிறவி எண். அடுத்த கேள்வி, பெயருக்கு எத்தனை?

தமிழ்நாட்டு எண்கணித ஜோதிடர்கள் பெரும்பாலும் கையாள்வது, கீரோ தன் நூலில் தந்த கல்தேய முறையை. ஆங்கில எழுத்துகளுக்கு 1 முதல் 8 வரைதான் மதிப்பு. எந்த எழுத்துக்கும் 9 கிடையாது. NILA-வில் N-க்கு 5, I-க்கு 1, L-க்கு 3, A-க்கு 1. கூட்டினால் 10, அதைச் சுருக்கினால் 1.

பிறவி எண் 5, பெயர் எண் 1. இங்கேதான் பலர் ஒட்டுப்போடத் தொடங்குகிறார்கள். ஓர் A சேர்த்தால் 11. கூடவே இன்னோர் L-ம் சேர்த்து NILLAA என்று எழுதினால் 14, அதாவது 5. எண் பொருந்திவிட்டது! ஆனால் பள்ளியில் வருகைப் பதிவேட்டை வாசிக்கும் ஆசிரியர் ‘நில்லா’ என்றுதான் கூப்பிடுவார்.

இதில் வேடிக்கை, கீரோவின் கணக்கிலேயே இந்த ஒட்டு லாபமில்லை. அவர் ஒற்றை எண்ணோடு நிற்பதில்லை. சுருக்குவதற்கு முன் வரும் கூட்டு எண்ணுக்கும் தனிப் பலன் சொல்கிறார். 10 அவருக்கு அதிர்ஷ்டச் சக்கரம், ஏற்ற இறக்கம் இருந்தாலும் மதிப்பு தரும் எண். 14-க்கோ பண விஷயத்தில் நல்லது என்று சொல்லிவிட்டு, புயல், நீர், நெருப்பு ஆகியவற்றால் ஆபத்து என்றும் எச்சரிக்கிறார். பெயரை வளைத்துப் பெற்றது இதைத்தான்.

பைதாகரஸ் முறையில் I-க்கு 9 என்பதால் அதே NILA 18 ஆகி, 9-இல் முடியும். கல்தேய முறையிலேயே S என்ற முன்னெழுத்தைச் சேர்த்தால் 13, அதாவது 4. எந்த அட்டவணை, முன்னெழுத்து உண்டா இல்லையா என்பதை முதலிலேயே தீர்மானிக்காமல் கூட்டினால், விரும்பிய விடை வரும்வரை கூட்டிக்கொண்டே போகலாம். எழுத்துகளின் மதிப்புக்கும் வாழ்க்கைக்கும் தொடர்பு இருப்பதாக அறிவியல் ஆதாரம் எதுவும் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

வளைக்காமல் பார்க்க வழி உண்டு. பெயரையும் இயல்பான எழுத்துக்கூட்டையும் முதலில் முடிவு செய்யுங்கள். பிறகு ஒரே ஒரு முறை கூட்டி, வந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். காவ்யா போன்ற பெயருக்கு KAVYA, KAAVYA இரண்டுமே வழக்கில் உள்ளவை. முன்னது 11, பின்னது 12. இரண்டில் எது என்று தயங்கும்போது எண்ணைக் கேட்பதில் பிழையில்லை. யாரும் எழுதாத மூன்றாவது வடிவத்தைத் தயாரிப்பதுதான் வம்பு.

அவசரமும் வேண்டாம். பெயரில்லாமலே பிறப்பைப் பதியலாம்; 12 மாதங்களுக்குள் பெயரைக் கட்டணமின்றிச் சேர்க்கலாம். சான்றிதழில் ஏறும் எழுத்துக்கூட்டே ஆதாருக்கும் பாஸ்போர்ட்டுக்கும் போகும். பின்னால் ஓர் A-வை நீக்க நினைத்தாலும் அரசிதழ் வரை அலைய நேரலாம்.