பாக்கி சிவப்பில், பைசல் கோட்டில்

சேலையூர், சிட்லபாக்கம், பெருங்களத்தூர் பக்கம் ஆறு வீடு, எட்டு வீடு கொண்ட சின்ன அடுக்ககங்கள் ஏராளம். பெரும்பாலும் குடியிருப்பவர்களில் ஒருவரே கணக்கை எக்செல்லில் எழுதி, மாதக் கடைசியில் ஒரு தாளை நோட்டீஸ் போர்டில் ஒட்டுகிறார். அந்தத் தாளில் மூன்று விஷயங்கள் பார்த்ததும் தெரிந்தால் போதும்: யாருக்கு பாக்கி, யார் அட்வான்ஸ் கொடுத்திருக்கிறார், யார் கணக்கு பைசல். பாக்கி சிவப்பு அடைப்புக்குறிக்குள் வரவேண்டும், பைசலானவருக்கு வெறும் கோடு வரவேண்டும். இதற்கு ஒவ்வொரு கட்டமாகப் போய் நிறம் மாற்ற வேண்டியதில்லை, ஒரே வரியில் முடியும்.

ஒரு மாதக் கணக்கை எடுத்துக்கொள்வோம். தண்ணீர் லாரிக்கு 7,200 ரூபாய், காமன் ஈ.பி. பில் 2,150, வாட்ச்மேனுக்கும் துப்புரவுக்கும் 4,500. மொத்தம் 13,850. ஆறு வீடு, G1 முதல் S2 வரை. B பத்தியில் கட்ட வேண்டியது, C பத்தியில் கட்டியது, D பத்தியில் `=C2-B2`. குறைவாகக் கட்டியவருக்கு விடை மைனஸில் வரும்.

D பத்தி முழுவதையும் தேர்ந்தெடுத்து Ctrl+1 அழுத்துங்கள். Number தாவலில் கடைசியாக இருக்கும் Custom-ஐத் தொட்டு, Type பெட்டியில் இதை அடியுங்கள்:

```
#,##0_);[Red](#,##0);"-"_);[Blue]@
```

இதில் மூன்று செமிகோலன்கள் நான்கு பகுதிகளைப் பிரிக்கின்றன. வரிசை மாறாது: முதலாவது பிளஸ் எண்ணுக்கு, இரண்டாவது மைனஸ் எண்ணுக்கு, மூன்றாவது சைபருக்கு, நான்காவது எழுத்துக்கு. இரண்டாம் பகுதியை நாமே எழுதிவிட்டால் எக்செல் மைனஸ் குறியைத் தானாகப் போடாது. அங்கே அடைப்புக்குறியையும் நிறத்தையும் மறந்தால் 808 ரூபாய் பாக்கி, 808 ரூபாய் அட்வான்ஸ் போலவே தெரியும். `[Red]` அந்தப் பகுதியின் தொடக்கத்தில் இருக்க வேண்டும். `_)` என்பது மூடும் அடைப்புக்குறியின் அகலத்துக்கு ஓர் இடைவெளி விடும். அதனால்தான் அடைப்புக்குறி உள்ள எண்ணும் இல்லாத எண்ணும் ஒன்றின்கீழ் ஒன்றாக நேராக நிற்கின்றன.

ஆறில் ஒரு பங்காக 2,308 ரூபாய் கட்ட வேண்டிய இடத்தில் F1 வீட்டார் 5,000 கட்டியிருந்தால் 2,692 என்று கறுப்பில் வரும். S1 வீட்டார் 1,500 கட்டியிருந்தால் (808) என்று சிவப்பில் வரும். சரியாக 2,308 கட்டியவருக்குக் கோடு வரும். மேலே Home தாவலில் இருக்கும் கமா பொத்தானை அழுத்தினாலும் சைபர் கோடாக மாறும். ஆனால் இந்திய அமைப்பில் இருக்கும் கணினியில் அந்தப் பொத்தான் பாக்கியை மைனஸ் குறியோடு கறுப்பிலேயே காட்டும். அதனால்தான் நாமே எழுத வேண்டியிருக்கிறது.

தாள் அச்சாவது பெரும்பாலும் தெருமுனை ஜெராக்ஸ் கடையில், கறுப்பு வெள்ளையில். சிவப்பு அங்கேயே போய்விடும், அடைப்புக்குறி மட்டும்தான் மிஞ்சும். ஆகவே நிறத்தை மட்டும் நம்பி அடைப்புக்குறியை விட்டுவிடக் கூடாது.

இந்த வடிவம் மாற்றுவது கண்ணுக்குத் தெரிவதை மட்டுமே. கட்டத்துக்குள் இருக்கும் மதிப்பு அப்படியே இருக்கும். (808) என்று தெரிந்தாலும் உள்ளே இருப்பது -808, கூட்டினால் சரியாகக் கூடும். கோடாகத் தெரிவதும் உள்ளே சைபர்தான். இதில் வரும் குழப்பம் பெரும்பாலும் தெரிவதற்கும் உள்ளே இருப்பதற்கும் உள்ள இந்த இடைவெளியில்தான் பிறக்கிறது.

முதல் குழப்பம், கையால் அடித்த கோடு. S2 வீட்டார் ஒன்றும் கட்டவில்லை என்பதற்காக C பத்தியில் யாரோ ஒருவர் "-" என்றே அடித்துவிடுகிறார். பார்ப்பதற்கு அதுவும் கோடுதான். ஆனால் அது எண் அல்ல, எழுத்து. SUM அதைக் கண்டுகொள்ளாமல் தாண்டிவிடும், `=C7-B7` மட்டும் `#VALUE!` என்று நிற்கும். இதைப் பிடிக்கத்தான் நான்காம் பகுதியில் `[Blue]@` வைத்தோம். அதே வடிவத்தை B, C பத்திகளுக்கும் போட்டுவிட்டால், நிஜமான சைபர் கறுப்புக் கோடாகவும், கையால் அடித்தது நீலக் கோடாகவும் தெரியும். வாட்ஸ்அப்பிலிருந்து ஒட்டும்போது எழுத்தாக வந்து உட்கார்ந்த தொகையும் இப்படியே நீலத்தில் மாட்டிக்கொள்ளும். காலிக் கட்டத்தில் கோடு வராது. அது சைபர் அல்ல, இன்னும் எழுதவில்லை என்றுதான் பொருள்.

இரண்டாவது, சைபர் போலத் தெரிந்தும் கோடாக மாறாத எண். 13,850-ஐ ஆறால் வகுத்தால் 2308.333... வரும். B பத்தியில் வெறும் `=13850/6` இருந்தால் திரையில் 2,308 என்றுதான் தெரியும். G1 வீட்டார் அதைப் பார்த்து 2,308 கட்டுகிறார். ஆனால் D பத்தியில் (0) என்று சிவப்பில் வருகிறது. உள்ளே இருப்பது -0.33. எந்தப் பகுதியில் சேர்ப்பது என்பதை எக்செல் உண்மையான மதிப்பைப் பார்த்து முடிவு செய்கிறது, முழு ரூபாயாக்கிக் காட்டுவது அதற்குப் பிறகுதான். ஆக 33 பைசாவுக்காக ஒருவர் பாக்கிக்காரர் ஆகிவிட்டார். (0) தெரிந்தால் மறைந்த பைசா இருக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள். பங்கைக் கணக்கிடும் இடத்திலேயே முழு ரூபாயாக்கிவிட வேண்டும்:

```
=ROUND(13850/6,0)
```

ஆறு வீட்டுக்கும் சேர்த்து 13,848 வரும். குறையும் 2 ரூபாயைச் சங்க நிதியிலிருந்து போட்டுக்கொள்ளலாம்.

மூன்றாவது நம் ஊருக்கே உரியது. கார்பஸ் ஃபண்டு பன்னிரண்டு லட்சத்து நாற்பத்தைந்தாயிரம் என்றால் 12,45,000 என்று எழுதுவதே நம் வழக்கம். சில கணினிகளில் 1,245,000 என்று காட்டும். அதற்கு இப்படி ஒரு வரி கைமாறிக் கைமாறி வருவதுண்டு:

```
[>=10000000]##\,##\,##\,##0;[>=100000]##\,##\,##0;#,##0
```

லட்சக் கமா வந்துவிடும், ஆனால் சிவப்பும் கோடும் போய்விடும். காரணம், ஒரு வடிவத்தில் இரண்டு நிபந்தனைகளுக்குத்தான் இடம். மூன்றாம் பகுதி மீதி எல்லாவற்றுக்கும் பொது. கோடிக்கும் லட்சத்துக்கும் அந்த இரண்டையும் கொடுத்துவிட்டால், மைனஸும் சைபரும் மூன்றாம் பகுதியில் ஒன்றாகப் போய் விழும்.

இதற்கு வடிவத்தை நீட்டிக்கொண்டு போக வேண்டாம். விண்டோஸில் Control Panel திறந்து Region, அதில் Additional settings போய், Digit grouping என்ற இடத்தில் 12,34,56,789 என்பதைத் தேர்ந்தெடுங்கள். அதன்பின் முதலில் எழுதிய வரியில் இருக்கும் `#,##0` தானே லட்சக் கணக்கில் கமா போடும், சிவப்பும் கோடும் அப்படியே இருக்கும். ஆனால் இந்த அமைப்பு கணினியோடுதான் இருக்கிறது, கோப்போடு போகாது. வெளிநாட்டில் இருக்கும் வீட்டுக்காரர் அதே கோப்பைத் திறந்தால் அவருக்கு மில்லியன் கணக்கில் தெரியலாம். அவருக்குக் கோப்பாக அனுப்பாமல் பி.டி.எஃப். ஆக அனுப்பினால், நீங்கள் பார்த்ததையே அவரும் பார்ப்பார்.