வகுப்பு வீடியோவுக்கு ஒரு கடிதம்

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957 நடிகர், பாடகர், பாம்பாட்டி வரிசையில் விரிவுரை ஆற்றுபவரையும் ‘நிகழ்த்துநர்’ என்கிறது. வகுப்பைப் பதிவு செய்ய அனுமதிக்கும் உரிமை அவருடையது. சொந்த உபயோகத்துக்குப் பதிவு செய்தால் மீறலாகாது என்று 39ஆம் பிரிவு விலக்களிக்கிறது. வாட்ஸ்அப் குழுவில் பகிர்ந்தால் அந்த விலக்கு பொருந்தாது.

பிறகு கடிதம் எதற்கு? பதிவில் சந்தேகம் கேட்ட சக மாணவர்களின் குரலும் முகமும் இருக்கும். கல்லூரி விதிகளும் உண்டு.

கடிதம் இப்படி இருக்கலாம்:

“மதிப்பிற்குரிய ஐயா, திங்கட்கிழமை தாங்கள் நடத்திய வெப்ப இயக்கவியல் வகுப்பின் பதிவை, என்ட்ரோபி கணக்குகளைத் திரும்பப் பார்க்க, என் மடிக்கணினியில் வைத்துக்கொள்ள அனுமதி வேண்டுகிறேன். யாருக்கும் பகிர மாட்டேன். செமஸ்டர் தேர்வு முடிந்ததும் அழித்துவிடுவேன்.”

எந்த வகுப்பு, எதற்காக, எதுவரை என்பதைச் சொல்லுங்கள். பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள்.