ஒரு டன் குப்பை, எத்தனை கிலோ மீத்தேன்?

ஒரு நகராட்சியின் குப்பைக் கிடங்கு எவ்வளவு மீத்தேனைக் காற்றில் விடுகிறது என்று அறிய, கிடங்கின் மேல் கருவி எதையும் நட வேண்டியதில்லை. லாரிகளின் எடைச் சீட்டும், குப்பையில் என்னென்ன கலந்திருக்கிறது என்ற விவரமும், ஒரு கால்குலேட்டரும் போதும். ஐ.நா.வின் காலநிலைக் குழுவான ஐ.பி.சி.சி. 1996-இல் தந்த எளிய கணக்கு முறை இது. அதில் இடவேண்டிய மதிப்புகள் பலவற்றை அக்குழு 2006 வழிகாட்டியில் விரிவாகத் தந்தது. நகரங்களுக்கென்று 2014-இல் வந்த உலக நெறிமுறையும் இம்முறையை ஏற்கிறது. கணக்கு வெறும் பெருக்கல்தான். எதைப் பெருக்குகிறோம் என்பதில்தான் கவனம் வேண்டும்.

கணக்குக்காக ஒரு லட்சம் பேர் வாழும் ஊர் ஒன்றை வைத்துக்கொள்வோம். ஆளுக்கு நாளொன்றுக்கு 400 கிராம் குப்பை என்றால், நாளுக்கு 40 டன், ஆண்டுக்கு 14,600 டன். அத்தனையும் பிரிக்கப்படாமல் கிடங்குக்குப் போகிறது என்று கொள்வோம். அதில் பாதி சமையல் கழிவு, பத்தில் ஒரு பங்கு காகிதமும் அட்டையும், மீதி பிளாஸ்டிக், கண்ணாடி, மண், கல்.

மீத்தேன் உண்டாவது மக்கும் பொருளில் இருக்கும் கார்பனிலிருந்து. ஈரத்தோடு எடை போட்ட சமையல் கழிவில் 15 விழுக்காடும், காகிதத்தில் 40 விழுக்காடும் அத்தகைய கார்பன். பிளாஸ்டிக்கும் மண்ணும் கிடங்கில் மீத்தேன் தருவதில்லை. ஆக, நம் ஊரின் ஒரு டன் குப்பையில் சமையல் கழிவால் 75 கிலோ, காகிதத்தால் 40 கிலோ, மொத்தம் 115 கிலோ கார்பன். இதில் பாதிதான் உண்மையில் மக்கி வாயுவாகும் என்பது வழக்கமான கணிப்பு. அப்படியானால் 57.5 கிலோ.

அடுத்த கேள்விதான் விடையையே புரட்டிப் போடுவது: குவியல் எவ்வளவு ஆழம்? காற்றுப் புகும் இடத்தில் மக்கும் குப்பை கார்பன் டை ஆக்சைடாக மாறும். அந்தக் கார்பன் சில மாதங்களுக்கு முன் பயிர் காற்றிலிருந்து எடுத்ததுதான் என்பதால் இந்தக் கணக்கில் அதைச் சேர்ப்பதில்லை. காற்றில்லாத அடியாழத்தில் மக்கினால் மீத்தேன் வரும். அதனால் பராமரிப்பில்லாத கிடங்கு ஐந்து மீட்டருக்குக் குறைவான ஆழமுடையதாக இருந்தால் 0.4 என்றும், அதற்கு மேல் என்றால் 0.8 என்றும் பெருக்கச் சொல்கிறது ஐ.பி.சி.சி. அடுக்கடுக்காக அமுக்கி, மண் மூடி முறையாகப் பராமரிக்கும் நிலநிரப்பலுக்கு 1. இந்த இடத்தில் பலர் திகைப்பார்கள். ஒழுங்காக மூடிய கிடங்கு திறந்த குவியலைவிடக் கூடுதல் மீத்தேன் உண்டாக்கும். குழாய் போட்டு வாயுவைப் பிடித்தால்தான் அந்த ஒழுங்குக்குப் பலன்.

நம் ஊரில் ஆழமான கிடங்கு என்று கொள்வோம். 57.5 கிலோவில் 0.8 பங்கு 46 கிலோ. வெளிவரும் வாயுவில் பாதி மீத்தேன் என்பதால் 23 கிலோ கார்பன். அதை மீத்தேன் எடையாக்க 16/12-ஆல் பெருக்கினால், டன்னுக்கு ஏறத்தாழ 30.7 கிலோ. ஆண்டுக்கு 448 டன் மீத்தேன். நூறாண்டு அளவில் மீத்தேனின் வெப்பத் திறன் கார்பன் டை ஆக்சைடைப் போல 28 மடங்கு என்று எடுத்தால், சுமார் 12,500 டன் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். இதே குப்பை ஆழமில்லாத குவியலாகக் கிடந்தால் விடை சரிபாதி. ஒரு நாடாவைப் பிடித்து அளக்காமல் “ஆழம்தான்” என்று எழுதிவிடுகிற அலுவலரின் பேனாவில் ஆறாயிரம் டன் ஏறி இறங்கும்.

விடை தப்பா என்று பார்க்க ஓர் எளிய வழி உண்டு. வெறும் சமையல் கழிவை முழுக்கக் காற்றில்லாமல் மக்கவிட்டாலும் டன்னுக்கு 50 கிலோ மீத்தேன்தான் வரும். மண்ணும் பிளாஸ்டிக்கும் கலந்த நம்மூர்க் குப்பைக்கு அதற்கு மேல் வந்தால், எங்கோ கிலோவும் டன்னும் குழம்பிவிட்டன, அல்லது கலவை விகிதம் தவறு.

கலவை விகிதத்தை வேறோர் ஊரின் அறிக்கையிலிருந்து எடுத்துப் போடக் கூடாது. லாரி கொட்டிய குப்பையை நன்றாகக் கிளறி நான்காகப் பிரித்து, எதிரெதிர் இரு பங்கை ஒதுக்கி, மீண்டும் கிளறிப் பிரித்து, நூறு கிலோ அளவுக்குக் குறைத்து, கையால் வகைபிரித்து நிறுக்க வேண்டும். கோடையில் ஒரு முறை, மழைக்காலத்தில் ஒரு முறையாவது இதைச் செய்ய வேண்டும், நனைந்த குப்பை எடையைக் கூட்டும், கார்பனைக் கூட்டாது என்பதால். எடையும் அப்படியே. எடை மேடை இல்லாத ஊர்களில் லாரியின் கொள்ளளவை நடைகளின் எண்ணிக்கையால் பெருக்கிவிடுகிறார்கள். பாதி நிரம்பிய லாரியும் அப்போது முழு லாரியாகிவிடும்.

இப்போது சமையல் கழிவு முழுவதையும், அதாவது 7,300 டன்னை, வீட்டிலேயே பிரித்து நுண்ணுர மையங்களுக்கு அனுப்பினால் என்ன ஆகும்? ஆழமான கிடங்கில் இந்தக் கழிவு டன்னுக்கு 40 கிலோ மீத்தேன் தந்திருக்கும். உரமாக்கும்போது 4 கிலோதான். கூடவே 0.24 கிலோ நைட்ரஸ் ஆக்சைடு வரும். அது அளவில் சிறிது, வெப்பத் திறனில் 265 மடங்கு என்பதால் விட்டுவிட முடியாது. இரண்டையும் சேர்த்தால் சுமார் 1,280 டன். கிடங்கில் கொட்டியிருந்தால் 8,200 டன்னை ஒட்டி வந்திருக்கும். ஆனால் மையத்துக்குள் போன எடையை மட்டும் நம்பக் கூடாது. வெளியே வரும் உரம் உள்ளே போனதில் ஐந்தில் ஒரு பங்கு அளவிலாவது இருக்க வேண்டும். அதைவிட வெகுவாகக் குறைந்தால், கழிவு பின்வாசல் வழியாகக் கிடங்குக்கே போய்க்கொண்டிருக்கிறது என்று ஐயப்படலாம்.

கழிவுத் துறை என்றால் குப்பை மட்டுமல்ல. கழிவுநீரும் அதில் அடக்கம். பாதாளச் சாக்கடை இல்லாத ஊர்களில் இதை மறப்பது பெரும் பிழை. இந்தியாவில் ஒருவரின் கழிவுநீரில் நாளொன்றுக்கு 34 கிராம் உயிர்வேதி ஆக்சிஜன் தேவை கொண்ட கரிமப் பொருள் இருப்பதாகக் கொள்ளலாம். செப்டிக் டேங்கில் அது கிலோவுக்கு 0.3 கிலோ மீத்தேன் தரும். நம் ஊரில் எழுபதாயிரம் பேர் செப்டிக் டேங்கை நம்பியிருந்தால், ஆண்டுக்கு 260 டன் மீத்தேன், சுமார் 7,300 டன் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். ஆழமில்லாத கிடங்கு விடுவதைவிட இது அதிகம். லாரியில் உறிஞ்சி எடுத்துச் செல்லும் கசடை இதிலிருந்து கழித்து, அது போய்ச் சேரும் இடத்தில் தனியே கணக்கிட வேண்டும்.

இந்த எளிய முறைக்கு ஓர் எல்லை உண்டு. இவ்வாண்டு கொட்டிய குப்பை இனி வரும் ஆண்டுகளிலெல்லாம் தரப்போகும் மீத்தேனை அது இவ்வாண்டின் கணக்கிலேயே எழுதிவிடுகிறது. நல்ல மழை பெறும் வெப்பப் பகுதியில் உணவுக் கழிவில் பாதி இரண்டு ஆண்டுக்குள் மக்கிவிடும். வறண்ட இடத்தில் அதற்கே எட்டு ஆண்டாகலாம், மழை உள்ள இடத்திலும் காகிதத்துக்குப் பத்து ஆண்டு ஆகும். ஆகவே கிடங்கில் கொட்டுவதை நிறுத்திய ஆண்டிலேயே தாளில் கிடங்கின் வரி சுழியாகிவிடும், பழைய குவியலோ தொடர்ந்து வாயு விட்டுக்கொண்டிருக்கும். அதைக் காட்ட வேண்டுமானால், ஆண்டுவாரியாகச் சிதைவைக் கணக்கிடும் விரிவான முறைக்குப் போக வேண்டும். அதற்குப் பல ஆண்டுகளின் குப்பை எடை தேவை. இல்லாத ஊர்கள் மக்கள்தொகையை வைத்துப் பின்னோக்கி மதிப்பிடுகின்றன. இன்றைக்கே எடைச் சீட்டுகளை ஆண்டுவாரியாகக் கோத்து வைக்கத் தொடங்கும் நகராட்சிக்குச் சில ஆண்டுகளில் அந்த மதிப்பீடு படிப்படியாகத் தேவைப்படாமல் போகும்.