மறுமணம் செய்தால் ஜீவனாம்சம் நிற்கும். வேலைக்குப் போனால் தானாக நிற்காது

ஜார்ஜ்டவுன்: மணவிலக்குப் பெற்ற மனைவி வேலைக்குப் போகத் தொடங்கியதும், “இனி அவளுக்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை” என்று முன்னாள் கணவர் மாதப் பணத்தை நிறுத்திவிடுவது உண்டு. சட்டம் அப்படிச் சொல்லவில்லை என்று தெரியாமல், மனைவியும் பேசாமல் இருந்துவிடுகிறார். அந்த மௌனத்தால் அவருக்கு ஆயிரக்கணக்கான வெள்ளி நஷ்டமாகலாம்.

முஸ்லிம் அல்லாதோரின் மணவிலக்கை 1976-ஆம் ஆண்டு சட்டச் சீர்திருத்த (திருமணம், மணவிலக்கு) சட்டம் நிர்வகிக்கிறது. இச்சட்டம் 1982 மார்ச் 1 முதல் நடப்பில் உள்ளது. முஸ்லிம்களுக்கு ஷரியா நீதிமன்றத்தின் விதிகள் தனி.

ஜீவனாம்சம் எத்தனை காலம் நீடிக்கும் என்பதை 81-ஆவது பிரிவு கூறுகிறது. நீதிமன்ற ஆணையில் குறுகிய கால வரம்பு எதுவும் எழுதப்படவில்லை என்றால், இருவரில் ஒருவர் இறக்கும் வரை அது தொடரும். கணவர் வீடு போன்ற சொத்தைப் பிணையாக வைத்து ஜீவனாம்சம் வழங்க நீதிமன்றம் ஆணையிட்டிருந்தால், அவர் இறந்த பிறகும் மனைவியின் வாழ்நாள் வரை அது செல்லும்.

மறுமணம் பற்றிய விதி 82-ஆவது பிரிவில் உள்ளது. ஜீவனாம்சம் பெறுபவர் மறுமணம் செய்தாலோ, வேறொருவருடன் தகாத உறவில் வாழ்ந்தாலோ, நீதிமன்ற ஆணையின்படி பெறும் உரிமை முடிந்துவிடும். இருவரும் ஒப்பந்தம் செய்து வைத்திருந்தால், அந்த ஒப்பந்தம் வேறு விதமாகச் சொல்லாத வரை இதே விதிதான். ஆனால், பணம் கொடுக்கும் கணவர் மறுமணம் செய்துகொள்வதால் முதல் மனைவியின் உரிமை அற்றுப்போவதில்லை. புதுக் குடும்பத்தால் செலவு கூடிவிட்டது என்றால், அதை அவர் நீதிமன்றத்தில்தான் சொல்ல வேண்டும்.

மனைவியின் வருமானம் வேறு விஷயம். தொகையை முடிவு செய்யும்போது, இருவரின் வசதியையும் தேவையையும் நீதிமன்றம் பார்க்கிறது. திருமணம் முறிந்ததற்கு யார் எவ்வளவு பொறுப்பு என்பதையும் கவனத்தில் கொள்ளலாம். மனைவிக்குச் சம்பளம் உண்டு என்பது தொகையைக் குறைக்கலாம். ஆனால் அது தானாகவே உரிமையை முடித்துவிடாது. ஆணை வந்த பிறகு நிலைமையில் முக்கிய மாற்றம் ஏற்பட்டால், அதை மாற்றவோ ரத்துச் செய்யவோ 83-ஆவது பிரிவின்படி நீதிமன்றத்தில் விண்ணப்பிக்கலாம். விலைவாசி ஏறியதாலோ உடல்நலம் குன்றியதாலோ தொகையைக் கூட்டக் கேட்க மனைவிக்கும் இதே வழி உண்டு.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். மனைவிக்கு மாதம் 600 வெள்ளி, இரண்டு பிள்ளைகளுக்கு 800 வெள்ளி என 2019-இல் ஆணை வருகிறது. மனைவிக்குப் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் மாதம் 1,800 வெள்ளி சம்பளத்தில் வேலை கிடைக்கிறது. 2021 ஜனவரியிலிருந்து கணவர் 600 வெள்ளியை நிறுத்திவிடுகிறார். ஆணையை மாற்றும்படி அவர் விண்ணப்பிக்கவே இல்லை.

மனைவி 2025 ஜனவரித் தொடக்கத்தில் வழக்குத் தொடுக்கிறார். 48 மாத நிலுவை 28,800 வெள்ளி. ஆனால் 86-ஆவது பிரிவின்படி, வழக்குத் தொடுத்த நாளுக்கு மூன்று ஆண்டுகளுக்கு முற்பட்ட நிலுவையை வசூலிக்க முடியாது. ஆகவே 36 மாதத் தொகையான 21,600 வெள்ளியை மட்டுமே அவர் கேட்கலாம்; முதல் ஆண்டின் 7,200 வெள்ளி கைவிட்டுப் போகிறது. கணவருக்கும் இதில் பாடம் உண்டு. சம்பளம் கிடைத்த உடனே விண்ணப்பித்திருந்தால் தொகை குறைந்திருக்கலாம்; இப்போது கடன் குவிந்துவிட்டது.

இந்த எடுத்துக்காட்டில் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் தொகை தனித்தனியாக எழுதப்பட்டிருப்பதைக் கவனிக்க வேண்டும். “குடும்பத்திற்கு 1,400 வெள்ளி” என்று மொத்தமாக எழுதப்பட்டால், மனைவி மறுமணம் செய்யும்போது பிள்ளைகளின் பங்கு எவ்வளவு என்ற தகராறு வரும். தாயின் மறுமணம் பிள்ளைகளின் பராமரிப்பை நிறுத்துவதில்லை. முன்பு அது பொதுவாக 18 வயதோடு முடிந்தது. பல்கலைக்கழகப் படிப்பு அந்த வரம்பை நீட்டிக்காது என்று 2004-இல் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. 2018 டிசம்பர் 15-இல் நடப்புக்கு வந்த திருத்தத்தின்படி, மேற்கல்வியோ பயிற்சியோ முடியும் வரை அது தொடரும்.

ஆணையை மாற்றவோ நிலுவையைக் கேட்கவோ விரும்புவோர், ஆணையின் நகல், வங்கிக் கணக்கு அறிக்கை, சம்பளச் சீட்டு ஆகியவற்றைச் சேர்த்து வைக்க வேண்டும். பணத்தைக் கையில் கொடுக்காமல் வங்கி வழியாகச் செலுத்தினால், கொடுத்ததற்கும் கொடுக்காததற்கும் பின்னர் சான்று இருக்கும். வழக்கறிஞருக்கு வசதி இல்லாதவர்கள் சட்ட உதவி இலாகாவையோ, பினாங்கு வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தையோ நாடலாம். பணம் நின்று மூன்று ஆண்டு ஆவதற்குள் போவது முக்கியம்.