தண்டவாளத்து இடைவெளி எங்கே போனது?

இரும்பு சூட்டில் நீளும், அதற்காகத்தான் இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே இடைவெளி விடுகிறார்கள் என்று நாமெல்லோரும் பள்ளிக்கூடத்தில் எழுதி மதிப்பெண் வாங்கியவர்கள்தான். இன்று ஒரு முக்கியத் தடத்தின் நடைமேடையில் நின்று குனிந்து பார்க்கும் பிள்ளைக்கு அந்த இடைவெளி கண்ணில் படாது. கண்ணுக்கெட்டிய தூரம் ஒரே கம்பி. ‘தடக் தடக்’ சத்தமும் அநேகமாகப் போய்விட்டது. பாடப்புத்தகம் பொய் சொல்லவில்லை. அதே கணக்கை ரயில்வே இப்போது வேறு விதமாகத் தீர்க்கிறது, அவ்வளவுதான்.

கணக்கு சின்னது. 100 மீட்டர் எஃகு, வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் 1.15 மில்லிமீட்டர் நீளும். நீளம் இரட்டித்தால் இதுவும் இரட்டிக்கும், பத்து டிகிரி ஏறினால் பத்து மடங்காகும். தடித்த கம்பி, மெல்லிய கம்பி என்ற பேதமும் இல்லை.

இதில் பலரும் தவறுவது வெப்பநிலையில். வானிலை அறிக்கை சொல்வது நிழலில் உள்ள காற்றின் சூடு. வெயிலில் கிடக்கும் தண்டவாளம் அதைவிட 15 முதல் 20 டிகிரி கூடுதலாகக் கொதிக்கும். சித்திரை வெயிலில் காற்று 42 டிகிரி என்றால் கம்பி 60ஐத் தொட்டிருக்கும். அதனால்தான் தண்டவாளத்தோடு காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் வெப்பமானியைத் தடத்து ஆட்கள் கையில் வைத்திருக்கிறார்கள். அதை வெயில் நேராகப் படாத பக்கத்தில்தான் ஒட்டிப் பார்ப்பார்கள்.

பழைய முறையில் ஒரு தடம் போடுவோம். இந்திய அகலப்பாதையில் ஒரு தண்டவாளத்தின் வழக்கமான நீளம் 13 மீட்டர். உள்மாவட்டத்தில் ஓர் ஊர். அங்கே மார்கழி விடியலில் கம்பி 18 டிகிரி வரை இறங்கும், கோடைப் பிற்பகலில் 65 வரை ஏறும் என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 47 டிகிரி. 13 மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு 0.15 மி.மீ. என்றால் ஆண்டு முழுவதற்குமான ஆட்டம் 7 மி.மீ.

அப்படியானால் 7 மி.மீ. இடைவெளி விட்டால் போதுமா? விடவேண்டிய அளவு, தடம் போடும் அந்த நேரத்தில் கம்பி எவ்வளவு சூடாக இருக்கிறது என்பதைப் பொறுத்தது. காலையில் கம்பி 30 டிகிரி இருக்கும்போது போட்டால் இன்னும் 35 டிகிரி ஏற இடமிருக்கிறது, ஆகவே ஐந்தேகால் மி.மீ. விடவேண்டும். அதே வேலையை 45 டிகிரியில் செய்தால் 3 மி.மீ. போதும். அந்த அளவுக்குத் தடிமனுள்ள ஒரு தகட்டை இரு முனைகளுக்கும் நடுவே செருகி, கம்பியை அதில் முட்டவைத்து, போல்ட்டை முடுக்கியபின் தகட்டை உருவிவிடுவார்கள். முனைகளை இருபுறமும் அணைத்துப் பிடிக்கும் ஃபிஷ் பிளேட்டிலும் கம்பியிலும் உள்ள துளைகள் போல்ட்டைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். முனை முன்னும் பின்னும் நகர அந்த இடம் வேண்டும்.

இடைவெளியைத் தாராளமாக விட்டுவிட்டால் என்ன என்று தோன்றலாம். 10 மி.மீ. விட்டால் மார்கழியில் அது 12 ஆகும். ஒவ்வொரு சக்கரமும் அந்தப் பள்ளத்தில் இறங்கி எதிர்முனையில் மோதும். முனை நசுங்கும், போல்ட் வெட்டுப்படும், கீழே உள்ள ஜல்லி நொறுங்கி அந்த இடம் தாழும்.

சரியாக விட்டாலும் அது விட்ட இடத்திலேயே நிற்பதில்லை. வண்டிகள் ஓடும் திசையிலும் பிரேக் போடும் இடங்களிலும் கம்பிகள் மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கும். பத்து மூட்டுகள் ஒட்டிப் பூட்டிக்கொள்ளும், பதினோராவது வாய் பிளந்து நிற்கும். ஆகவே ஆப்பு வடிவில் ஒரு பக்கம் மெலிந்து வரும் அளவுகோலை ஒவ்வொரு மூட்டிலும் செருகி இடைவெளியைக் குறித்துக்கொண்டு போவார்கள். பக்கத்தில் அந்நேரத்துக் கம்பிச் சூட்டையும் எழுதுவார்கள். அது இல்லாமல் அந்த எண்களுக்குப் பொருளில்லை. 60 டிகிரியில் ஒட்டிக் கிடக்கும் மூட்டு தன் வேலையைச் செய்கிறது. 35 டிகிரியில், வெயில் ஏறுமுன்பே ஒட்டிக் கிடப்பதுதான் ஆபத்து. எல்லா மூட்டுகளின் சராசரி சரியாக வந்தால் கம்பிகளை இழுத்துப் பகிர்ந்துவிட்டால் தீரும். சராசரியே குறைந்தால் கம்பியின் மொத்த நீளம் அதிகம் என்று அர்த்தம். ஒன்றை எடுத்துவிட்டுச் சற்றுக் குட்டையானதைப் போடவேண்டியதுதான்.

இத்தனை பாடும் அந்த மூட்டுகளால்தான். அவற்றையே ஒழித்தால் என்ன என்று கேட்டதன் விளைவுதான் இன்றைய பற்றவைத்த நீள் தண்டவாளம். ஆனால் கணக்கு உடனே குறுக்கே நிற்கிறது. ஒரு கிலோமீட்டர் கம்பி 30 டிகிரி ஏறினால் கிட்டத்தட்ட 35 சென்டிமீட்டர் நீளவேண்டும். அந்த ஒரு முழ நீளம் எங்கே போகிறது?

எங்கும் போவதில்லை, நீள விடுவதில்லை. கம்பியை கிளிப்புகள் கான்கிரீட் ஸ்லீப்பரோடு இறுகப் பிடிக்கின்றன. ஸ்லீப்பரை ஜல்லி பிடித்துக்கொள்கிறது. நீள முடியாத கம்பிக்குள் அழுத்தம் ஏறுகிறது. பெரிய தடங்களில் உள்ள 60 கிலோ தண்டவாளத்தில், அதாவது மீட்டருக்கு 60 கிலோ எடையுள்ளதில், டிகிரிக்கு 1.9 டன். 30 டிகிரிக்கு 57 டன். இதில் வியப்பான சங்கதி, இந்த அழுத்தத்துக்கும் நீளத்துக்கும் சம்பந்தமில்லை. அசையாமல் பிடித்துவைத்தால் ஒரு மீட்டர் துண்டிலும் 57 டன்தான், நூறு கிலோமீட்டரிலும் 57 டன்தான். அதனால்தான் எவ்வளவு நீளமாகவும் பற்றவைக்க முடிகிறது.

அசைவு இருப்பது இரு கோடிகளில் மட்டும். ஜல்லி ஒவ்வொரு மீட்டரிலும் ஏறத்தாழ 1.3 டன் வரை தாங்கிப் பிடிக்கும். முனையிலிருந்து உள்ளே போகப் போக இந்தப் பிடிப்பு சேர்ந்துகொண்டே வந்து, 44 மீட்டர் போல வந்ததும் 57 டன்னுக்கு ஈடாகிவிடுகிறது. அதற்கு அப்பால் கம்பி துளியும் நகராது. முனை நகர்வது ஏழெட்டு மி.மீ. மட்டுமே. அதற்கென்று சீவிய இரண்டு கம்பிகள் ஒன்றோடொன்று சறுக்கும் தனி அமைப்பு ஒன்றை முனையில் வைத்திருப்பார்கள். பாடப்புத்தக இடைவெளி இப்போது அங்கே ஒதுங்கியிருக்கிறது.

கம்பியைப் பூட்டும்போது அது எந்தச் சூட்டில் இருக்கவேண்டும் என்பது அடுத்த கேள்வி. நம் ஊரின் 18க்கும் 65க்கும் நடு 41.5. ஆனால் இந்திய ரயில்வே நடுவைவிட 5 முதல் 10 டிகிரி கூட்டி வைக்கிறது. நாம் 48 என்று கொள்வோம். கோடையில் 17 டிகிரிக்கான அழுத்தம், 32 டன். குளிரில் 30 டிகிரிக்கான இழுவிசை, 57 டன். இழுவைப் பக்கம் வேண்டுமென்றே சாய்த்திருக்கிறார்கள். குளிரில் மிஞ்சிப்போனால் கம்பி ஓரிடத்தில் முறியும். வெயிலில் மிஞ்சினால், இரு முனையிலும் அழுத்திய இரும்பு ஸ்கேல் போலத் தடமே பக்கவாட்டில் நெளிந்துவிடும்.

கம்பி 48 டிகிரிக்கு வரும்வரை காத்திருக்க முடியாத நாளில் அதை இழுக்கிறார்கள். 500 மீட்டர் கம்பி, இப்போது 35 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். கிளிப்புகளைக் கழற்றி, கம்பியை உருளைகள் மேல் ஏற்றி, மர மட்டையால் தட்டித் தட்டி உள்ளிருக்கும் இறுக்கத்தை விடுவிப்பார்கள். குறைவது 13 டிகிரி, அதற்கான நீட்சி 75 மி.மீ. பற்றவைப்புக்கு 25 மி.மீ. வேண்டும். ஆக, இரு முனைகளுக்கும் நடுவே 100 மி.மீ. இருக்கும்படி கம்பியை வெட்டுவார்கள். பிறகு ஹைட்ராலிக் இழுவைக் கருவி இரு பக்கமும் பற்றி இழுத்து அந்த இடைவெளியை 25க்குக் கொண்டுவரும். அப்படியே பிடித்திருக்க, கிளிப்புகளைப் பூட்டிப் பற்றவைப்பார்கள். கம்பி 35 டிகிரியில்தான் இருக்கிறது, ஆனால் 48 டிகிரியில் பூட்டியது போலவே இனி நடந்துகொள்ளும். இழுக்கும்போது நடுவில் ஒரு கிளிப் கழற்றாமல் விட்டுப்போனால் அதற்கு அப்பால் கம்பி நீளாது, முனையில் மட்டும் கணக்கு சரியாக வந்தது போலத் தெரியும். ஆகவே வழிநெடுகக் குறியிட்டு, ஒவ்வோர் இடமும் எவ்வளவு நகர்ந்தது என்று பார்ப்பார்கள்.

தடம் நெளிவது பெரும்பாலும் வெயிலால் மட்டுமல்ல. ஜல்லியைக் கிளறி, சலித்து, இடித்த இடத்தில் பிடிப்பு தளர்ந்திருக்கும். வண்டிகள் ஓடி ஜல்லி மறுபடி இறுகும்வரை அங்கே வேகம் குறைக்கப்படும். நாமெல்லாம் வண்டிக்குள் உட்கார்ந்து சலித்துக்கொள்வது பல சமயம் இதற்காகத்தான். நடந்துபோகும் கீமேன் கண்ணுக்கு முன்னறிகுறிகள் தெரியும்: நேர்க்கோடாக இருந்த கம்பியில் லேசான வளைவு, ஸ்லீப்பரின் தலைமாட்டில் ஜல்லி விலகி விழுந்த சிறு வெற்றிடம். பூட்டிய சூட்டைவிட 20 டிகிரி மேலே போனால் கோடை ரோந்துக்கென்றே ஆட்களை அனுப்புவார்கள்.

இந்த வித்தையைக் குழாயிலும் காட்டலாமே என்றால், நீராவிக் குழாயில் காட்ட முடியாது. தண்டவாளத்தில் 30 டிகிரிக்கு எழும் அழுத்தம் சதுர மில்லிமீட்டருக்கு ஏழரைக் கிலோதான், எஃகு அதைத் தாராளமாகத் தாங்கும். சர்க்கரை ஆலையில் 30 டிகிரியில் பொருத்திய குழாய்க்குள் 180 டிகிரி நீராவி பாய்ந்தால் ஏற்றம் 150 டிகிரி. இரு கோடியையும் இறுகப் பிடித்தால் அதே சதுர மில்லிமீட்டரில் 36 கிலோ போல ஏறும். சாதாரணக் குழாய் எஃகு 25 கிலோவை ஒட்டியே இளகி வளைந்துவிடும். ஆகவே குழாயை நீள விட்டே ஆகவேண்டும். 30 மீட்டர் குழாய் 54 மி.மீ. நீளும், எஃகின் நீட்சி அந்தச் சூட்டில் சற்றுக் கூடுதல் என்பதையும் சேர்த்து. அதை வாங்கிக்கொள்ள நடுவில் பானா வடிவில் ஒரு வளையம் வைத்து, இரு கோடியை மட்டும் கட்டி, மற்ற இடங்களில் குழாய் சறுக்கும் தாங்கிகள் மேல் இருக்கும்படி விடுவார்கள். அனுபவமுள்ள ஃபிட்டர் அந்தக் குழாயை வேண்டுமென்றே 27 மி.மீ. குட்டையாக வெட்டி, குளிர்ந்த நிலையிலேயே இழுத்து மூட்டுவார். நீராவி ஏறும்போது வளையம் முதலில் தளர்ந்து, பிறகே மறுபக்கம் வளையும். இரண்டு பக்கமும் சுமை பாதிப் பாதி.