'ஹால்ப் ட்ஸ்வோல்ஃப்' என்றால் எத்தனை மணி?

பகல் ஒரு மணி வாக்கில் ஜெர்மானிய மருத்துவமனை வார்டுகளில் காலை டூட்டி நர்சுகளும் மதிய டூட்டி நர்சுகளும் ஓர் அறையில் கூடுவார்கள். வார்டிலுள்ள ஒவ்வொரு நோயாளியின் நிலையும் அங்கே வாய்மொழியாகக் கைமாறும். நம்மூர் நர்சுகள் 'ஹேண்ட்ஓவர்' என்று சொல்வதை அங்கே 'ஊபர்காபே' என்கிறார்கள். ஒரு நோயாளிக்கு இரண்டு மூன்று நிமிடம் கிடைத்தாலே அதிகம்.

வெளிநாட்டு நர்சுகளை முறைப்படி வேலைக்கு எடுக்க ஜெர்மனி 2013இல் 'டிரிபிள் வின்' என்ற அரசுத் திட்டத்தைத் தொடங்கியது. 2021 டிசம்பரில் கேரளம் அதில் சேர்ந்தது. இந்தத் திட்டத்தில் போகிறவர்கள் ஊரிலேயே பி1 நிலை வரை ஜெர்மன் படித்துவிட்டு, அங்கே வேலை பார்த்தபடி பி2 நிலையை எட்ட வேண்டும். இப்படிப் படிக்கும் நர்சுகளுக்கான வகுப்புகளில் டூட்டி மாறும் நேரத்து உரையாடலை நடித்துப் பார்ப்பது வழக்கமான பயிற்சி. அதை எப்படி நடத்தினால் பலன் இருக்கும் என்பதை ஒரு கற்பனை நோயாளியை வைத்துப் பார்க்கலாம்.

பயிற்சிக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் கையில் நோயாளி விவர அட்டை, மற்றவர் கையில் வெற்றுத்தாள். அட்டையை வைத்திருப்பவர் ஜெர்மனில் சொல்ல, மற்றவர் குறித்துக்கொள்ள வேண்டும். முடிந்ததும் அட்டையையும் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவார்கள். 'டெர், டீ, டாஸ்' தவறியிருந்தால் ஆசிரியர் இப்போதைக்குக் கண்டுகொள்ள மாட்டார். தாளில் ஒரு எண்ணோ நேரமோ மாறியிருந்தால்தான் விசாரணை.

அட்டையில் இருப்பவர் 78 வயது ஃப்ராவ் வேபர், 12ஆம் அறை. வீட்டில் விழுந்து தொடை எலும்பின் கழுத்துப் பகுதி முறிந்து, செயற்கை இடுப்பு மூட்டு பொருத்தி இன்று இரண்டாவது நாள். பழைய வியாதிகள் ரத்த அழுத்தமும் சர்க்கரையும். பெயர், அறை, வயது, சேர்ந்த காரணம், அறுவை முடிந்து எத்தனையாவது நாள் என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, அதன் பிறகே இன்றைய நிலைமைக்கு வர வேண்டும். இந்த வரிசை மாறாமல் இருந்தால், கேட்பவர் ஒரு சொல்லைத் தவறவிட்டாலும் அது எந்தக் கட்டத்துக்கு உரியது என்று தெரிந்து திருப்பிக் கேட்க முடியும்.

முதல் இடறல் எண்ணில் வருகிறது. ஃப்ராவ் வேபரின் பல்ஸ் 96. தமிழில் தொண்ணூற்றை முதலில் சொல்லி, ஆறைப் பிறகு சொல்வோம். ஜெர்மனில் 'ஸெக்ஸ் உண்ட் நோய்ன்ட்ஸிஷ்', அதாவது ஆறும் தொண்ணூறும். காதில் முதலில் விழும் ஆறைக் கை உடனே எழுதிவிடும், பின்னால் வரும் ஒன்பது அதன் வலப்பக்கம் போய் உட்காரும். தாளில் 69. இந்தத் தவறு கண்ணில் படாததற்குக் காரணம், 69 என்பதும் முற்றிலும் நம்பும்படியான பல்ஸ். ஆனால் அறுவை முடிந்த இரண்டாம் நாள் 38.1 டிகிரி காய்ச்சலோடு 96 இருந்தால், மதிய டூட்டிக்காரர் அடிக்கடி போய்ப் பார்க்க வேண்டும். 69 என்று படிப்பவர் நிம்மதியாக அடுத்த அறைக்குப் போய்விடுவார். ரத்த அழுத்தம் 165 என்பது 156 ஆவதும் இதே வழியில்தான்.

இதற்குப் பயிற்சியில் சொல்லித்தரும் உபாயம் எளிமையானது. முதலில் கேட்கும் இலக்கத்தைச் சற்று இடம் விட்டு வலப்பக்கம் எழுதி, பிறகு பத்தின் இலக்கத்தை அதன் இடப்பக்கம் நிரப்புவது. சந்தேகம் இருந்தால் 'நோய்ன், ஸெக்ஸ்?' என்று இலக்கம் இலக்கமாகத் திருப்பிக் கேட்பது.

அடுத்தது மணி. காலையில் நடக்க வைத்தபோது வலி பத்துக்கு ஆறு என்றார் ஃப்ராவ் வேபர். பதினொன்றரை மணிக்கு ஒரு கிராம் நோவால்ஜின் சொட்டுமருந்தாக ஏற்றியதும் வலி மூன்றாகக் குறைந்தது. தேவைப்பட்டால் கொடுக்கலாம், ஆனால் ஆறு மணி நேர இடைவெளி வேண்டும் என்பது டாக்டரின் உத்தரவு. பதினொன்றரையை ஜெர்மானியர்கள் 'ஹால்ப் ட்ஸ்வோல்ஃப்' என்பார்கள். பன்னிரண்டை நோக்கிப் பாதி வழி வந்தாயிற்று என்று கணக்கு. நம் பழக்கத்தில் கேட்பவர் பன்னிரண்டரை என்று எழுதுவார். அடுத்த மருந்தை மாலை ஐந்தரைக்குக் கேட்கும் நோயாளியை ஆறரை வரை வலியோடு காக்க வைப்பார்.

சொல்பவர் தடுமாறினால் நிலைமை இதைவிட மோசம். தமிழில் நினைத்துப் பதினொன்றை எடுத்து 'ஹால்ப் எல்ஃப்' என்றுவிட்டால், அது ஜெர்மானியர் காதில் பத்தரை. அடுத்த மருந்து ஒரு மணி நேரம் முன்னதாகவே உடம்பில் ஏறிவிடும். அதனால் ஆரம்பத்தில் 'ஹால்ப்' பக்கமே போகாமல், ரயில்வே கடிகாரம்போல் 'எல்ஃப் ஊர் ட்ரைஸிஷ்', அதாவது பதினொன்று முப்பது என்று சொல்லப் பழக்குகிறார்கள். ஆனால் மற்றவர்கள் 'ஹால்ப்' என்றுதான் பேசுவார்கள் என்பதால், காதுக்கு மட்டும் அந்தப் பழக்கம் வேண்டும்.

மூன்றாவது இடறல் மருந்து மாற்றத்தில் இருக்கிறது. வறட்டு இருமலுக்காக ஃப்ராவ் வேபரின் ரமிப்ரில் மாத்திரையை நிறுத்திவிட்டு கன்டெசார்டன் எழுதியிருக்கிறார் டாக்டர். நிறுத்தியது 'அப்கெஸெட்ஸ்ட்', புதிதாகத் தொடங்கியது 'அன்கெஸெட்ஸ்ட்'. நேர் எதிரான இரண்டு செய்திகள், நடுவே ஓர் எழுத்தொலி மட்டுமே வித்தியாசம். வேகமாகப் பேசும்போது அது காற்றோடு போய்விடும். அதனால் நல்ல ஹேண்ட்ஓவரில் இந்தச் சொல்லைத் தனியாக விடுவதில்லை. 'ரமிப்ரில் இன்றிலிருந்து கிடையாது, கன்டெசார்டன் நாளைக் காலையிலிருந்து' என்று விளைவையும் சேர்த்தே சொல்வார்கள்.

கொடுத்தாயிற்றா, கொடுக்க வேண்டுமா என்ற குழப்பமும் இதற்குப் பக்கத்து வீடுதான். 'ஹாட் பெகோமன்' என்றால் நோயாளி மருந்தைப் பெற்றுவிட்டார். 'பெகோம்ட்' என்றால் பெறுகிறார், அல்லது இனிமேல் பெறுவார். அவசரத்தில் 'ஹாட்' விடுபட்டால், முடிந்துபோன ஊசியை அடுத்தவர் இரண்டாம் முறை போடும் ஆபத்து உண்டு. இந்த இடத்தில் தமிழர்களுக்கு ஒரு சாதகமும் இருக்கிறது. 'பெகோமன்' என்ற சொல் வாக்கியக் கடைசியில் வரும், 'இல்லை' என்ற மறுப்பும் அதை ஒட்டியேதான் வரும். 'கொடுக்கவில்லை' என்பதை வாக்கிய முடிவில் கேட்டுப் பழகிய காதுக்குக் கடைசிச் சொல் வரை பொறுத்திருப்பது புதிதல்ல.

கேட்பவருக்கும் இதில் நடிப்பு இருக்கிறது. தாளை மடித்து வைக்கும் முன் அவர் 'நான் சரியாகப் புரிந்துகொண்டேனா?' என்று தொடங்கி பல்ஸ், மருந்து கொடுத்த நேரம், மாற்றிய மாத்திரை மூன்றையும் தன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். புதிதாகச் சேர்ந்தவர்கள் சீனியர் முன்னால் இதைச் செய்யத் தயங்கி, எல்லாவற்றுக்கும் 'யா, யா' என்று தலையாட்டிவிடுவதுண்டு. அதற்காகவே சில ஆசிரியர்கள் அட்டையில் வேண்டுமென்றே ஒரு முரணைப் புகுத்துவார்கள். பேச்சில் 'காய்ச்சல் இல்லை' என்று வரும், குறிப்பில் 38.1 இருக்கும். கேட்பவர் இடைமறிக்காவிட்டால் அந்தச் சுற்று தோல்வி.

வகுப்பறையில் எல்லோரும் நிதானமாக, சுத்தமான ஜெர்மனில் பேசுவதால் இந்தப் பயிற்சிக்கு ஓர் எல்லை இருக்கிறது. வார்டில் பவேரிய வழக்கு கேட்கும், சொற்கள் பாதி பாதியாக வரும், நடுவில் அழைப்புமணி அடிக்கும். ஆகவே கடைசிச் சுற்றுகளில் அட்டைகள் ஒன்றிலிருந்து நான்காகும். தொடர்ந்து நான்கு நோயாளிகளைப் பத்து நிமிடத்தில் ஒப்படைக்க வேண்டும், மூன்றாவது நோயாளியின் நடுவில் ஆசிரியர் கதவைத் தட்டி ஏதாவது கேட்பார். அதன் பிறகு தாள்களை ஒப்பிடும்போது பெரும்பாலும் தேடுவது ஒன்றைத்தான்: 12ஆம் அறைக்காரரின் பல்ஸ் 14ஆம் அறைக்குப் போயிருக்கிறதா?